இருபது கேள்வி, நாற்பது மார்க்: மூன்றாம் வகுப்புக்கு ஒரு கேள்வித்தாள்

(நம் குடியிருப்பின் சனி, ஞாயிறு மாலை வகுப்பு பற்றி, ஜனவரி மாதக் கூட்டத்தில் கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று சங்கத்தினர் கேட்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



நான் பி.காம் படித்தவன். வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆசிரியர் பயிற்சி எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பேசப் போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி.

நம் மாலை வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர். எல்லோரும் எட்டு வயதுக்காரர்கள். நம் பிளாக்குகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் பின் தெருப் பிள்ளைகளும். பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறார்கள். அவர்களுக்குக் கணக்குப் பாடம் எடுப்பது என் பொறுப்பு. செப்டம்பரில் முதல் பருவம் முடிந்ததும் ஒரு எழுத்துத் தேர்வு வைத்தேன். மொத்தம் 40 மார்க். கடையில் வாங்கிய இரண்டு கையேடுகளைப் பார்த்து, கண்ணுக்கு நன்றாகப் பட்ட கேள்விகளை எடுத்து, ஒரே ராத்திரியில் பேப்பரைத் தயார் செய்தேன்.

ஒரு சிறுமி 9 மார்க் வாங்கினாள். விடைத்தாளை வாங்கிப் போக வந்த அவள் அம்மா சொன்னார்: “இவளுக்குக் கணக்கு ஏறல சார். ஞாயித்துக்கிழமை என்கூட வந்தா நாலு பாத்திரமாவது கழுவித் தருவா.” அந்தச் சிறுமி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். நான் அடுத்த பருவம் வரை டைம் கேட்டேன். அன்று இரவு பதினான்கு விடைத்தாள்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

அதில் ஒரு கேள்வி இப்படி இருந்தது: “நூலகத்தில் இருந்த 85 புத்தகங்களுள் 37 புத்தகங்கள் வாசகர்களுக்கு இரவல் வழங்கப்பட்டுள்ள நிலையில், எஞ்சியுள்ள புத்தகங்களின் எண்ணிக்கை யாது?” பதினான்கு பேரில் மூன்று பேர்தான் சரியாக எழுதியிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “லைப்ரரில 85 புத்தகம் இருந்துச்சு. 37 புத்தகத்தை எடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப எத்தனை இருக்கும்?” என்று வாயால் கேட்டேன். ஸ்லேட்டில் போட்டுப் பார்த்து 48 என்று சொன்னவர்கள் பத்துப் பேர். அந்தச் சிறுமியும் அதில் ஒருத்தி.

அதாவது ஏழு பேருக்குக் கழித்தல் தெரிந்திருந்தது. ‘இரவல்’, ‘எஞ்சியுள்ள’, ‘யாது’ என்ற வார்த்தைகள்தான் தெரியவில்லை. நான் கணக்குத் தேர்வு என்று பெயர் வைத்துத் தமிழ்த் தேர்வு நடத்தியிருக்கிறேன். அதற்குக் கணக்கு மார்க் போட்டு, அந்த மார்க்கை ஒரு தாயின் கையில் கொடுத்திருக்கிறேன்.

டிசம்பரில் இரண்டாம் பருவத் தேர்வுக்கு வேறு மாதிரி பேப்பர் எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நீங்களே மாதிரித் தேர்வு வைத்தாலும் இது பயன்படும்.

முதலில் கேள்வி எழுதக்கூடாது. முதலில் கட்டம் போட வேண்டும். ஆசிரியர்கள் இதை புளூபிரிண்ட் என்கிறார்கள். எனக்கு அது லெட்ஜர் மாதிரிதான் தெரிந்தது. இடப்பக்கம் பாடங்கள், மேலே எளிது, நடுத்தரம், சவால் என்று மூன்று பத்தி. கூட்டினால் இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டும்.

எந்தப் பாடத்துக்கு எத்தனை மார்க்? நாம் எத்தனை நாள் சொல்லிக் கொடுத்தோமோ அந்த விகிதத்தில். இரண்டாம் பருவத்தில் நான் எடுத்தது இருபது வகுப்பு. எண்களும் இடமதிப்பும் 5, கூட்டல் கழித்தல் 8, பெருக்கல் 4, பணம் 3. ஒரு வகுப்புக்கு இரண்டு மார்க் என்று வைத்தால் 10, 16, 8, 6. மொத்தம் 40. நமக்குப் பிடித்த பாடத்துக்கு அதிகம் ஒதுக்கும் ஆசையை இந்தக் கணக்கு தடுத்துவிடும்.

அடுத்து, எளிது பாதி, நடுத்தரம் பத்துக்கு மூன்று, சவால் பத்துக்கு இரண்டு என்று பிரித்தேன். 20, 12, 8 மார்க். இது சட்டம் இல்லை. ஆனால் எட்டு வயதுக்குப் பாதிக்குக் கீழே எளிதைக் குறைத்தால், மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று காட்டவே இடம் இருக்காது. சவாலை அடியோடு எடுத்துவிட்டால், நன்றாகப் போடும் நான்கு பேரும் 40-க்கு 40 வாங்குவார்கள். அவர்களுக்கு அடுத்து என்ன சொல்லிக் கொடுப்பது என்று நமக்குத் தெரியாது.

என் கட்டம் இது. எல்லாக் கேள்விக்கும் இரண்டு மார்க்தான். அடைப்புக்குறிக்குள் இருப்பது கேள்விகளின் எண்ணிக்கை.

| பாடம் | எளிது | நடுத்தரம் | சவால் | மொத்தம் |
|---|---|---|---|---|
| எண்கள் | 6 (3) | 2 (1) | 2 (1) | 10 |
| கூட்டல், கழித்தல் | 8 (4) | 4 (2) | 4 (2) | 16 |
| பெருக்கல் | 4 (2) | 4 (2) | 0 | 8 |
| பணம் | 2 (1) | 2 (1) | 2 (1) | 6 |
| மொத்தம் | 20 (10) | 12 (6) | 8 (4) | 40 |

பெருக்கலில் சவால் ஏன் இல்லை என்று கேட்கலாம். பெருக்கலை டிசம்பரில்தான் ஆரம்பித்தோம். இன்னும் வாய்ப்பாடே தடுமாறுகிறது. புதிதாக ஆரம்பித்த பாடத்தில் சவால் வைத்தால் அது பிள்ளையைச் சோதிக்காது, நாம் பாடத்தை முடிக்காததைத்தான் காட்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு கேள்வி எதனால் எளிது, எதனால் சவால்?

நம்மில் பலர், எண் பெரிதானால் கேள்வி கஷ்டம் என்று நினைக்கிறோம். செப்டம்பரில் நானும் அப்படித்தான் நினைத்து, 9004-இலிருந்து 5678-ஐக் கழிக்கச் சொன்னேன். அது நீளமான வேலை. யோசனை என்று பார்த்தால் சின்னக் கழித்தலில் இருப்பதையே திரும்பத் திரும்பச் செய்வதுதான். எட்டு வயதுப் பிள்ளை நடுவில் ஒரு இடத்தில் கை தவறினால் எல்லாம் போய்விடும். கழித்தல் தெரியாமல் தப்பானதா, களைத்துப்போய்த் தப்பானதா என்று நம்மால் சொல்ல முடியாது.

நான் இப்போது வைத்திருக்கும் அளவுகோல் இது. வகுப்பில் செய்ததை அப்படியே ஒரு படியில் செய்தால் எளிது. தெரிந்த முறைதான், ஆனால் எந்த முறை என்று பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது ஒரு படி கூட வேண்டும் என்றால் நடுத்தரம். தெரிந்ததை வைத்துத் தெரியாத ஒரு நிலைமையை யோசிக்க வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும் என்றால் சவால். மூன்றிலும் எண்கள் சின்னதாகவே இருக்கலாம்.

கழித்தலையே எடுத்துக்கொள்வோம். 68 − 25 எளிது. கடன் வாங்க வேண்டியதில்லை. 352 − 128 நடுத்தரம். ஒன்றின் இடத்தில் கடன் வாங்க வேண்டும், நூறின் இடத்தில் வேண்டாம். எங்கே வாங்குவது என்று பார்த்துச் செய்ய வேண்டும்.

சவாலுக்கு நான் எழுதியது: “ரவி 72 − 38 = 46 என்று போட்டான். அவன் எங்கே தப்புச் செய்தான்? சரியான விடை என்ன?” இந்த 46 நான் சும்மா போட்ட எண் இல்லை. பிள்ளைகள் நிஜமாகவே செய்கிற தப்பு. இரண்டிலிருந்து எட்டு போகாது என்றதும், எட்டிலிருந்து இரண்டைக் கழித்து 6 போடுவார்கள். பிறகு ஏழில் மூன்று போனால் 4. ரவியின் தப்பைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குக் கடன் வாங்குவது ஏன் என்பதே புரிந்திருக்கிறது. வெறும் முறையை மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே நின்றுவிடும்.

இந்தக் கேள்வியை முதலில் “ரவி போட்டது சரியா, தவறா?” என்றுதான் எழுதியிருந்தேன். அப்படிக் கேட்டால் ஒன்றுமே தெரியாத பிள்ளையும் பாதி நேரம் சரியாகச் சொல்லிவிடும். அதனால் மாற்றினேன். 34 என்ற விடைக்கு ஒரு மார்க், தப்பு எங்கே என்று சொன்னதற்கு ஒரு மார்க். “8-ல 2 எடுத்துட்டான்” என்று கொச்சையாக எழுதினாலும் முழு மார்க்தான்.

இன்னொரு சவால் கேள்வி: “கீதாவிடம் 24 மணிகள் இருக்கின்றன. முருகனிடம் இருப்பதைவிட இது 6 அதிகம். முருகனிடம் எத்தனை?” ‘அதிகம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டி 30 என்று எழுதத் தோன்றும். யாரிடம் அதிகம் என்று யோசித்தால்தான் 18 வரும். இங்கேயும் மொழி இருக்கிறதே, நூலகக் கேள்விக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். இதில் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. கஷ்டம் யோசனையில் இருக்கிறது. நூலகக் கேள்வியில் யோசனை ஒரே ஒரு கழித்தல். கஷ்டம் முழுவதும் வார்த்தையில் இருந்தது.

எண்களில் சவால்: 4, 0, 7 மூன்றையும் ஒரு முறை மட்டும் வைத்து எழுதக்கூடிய மிகச் சிறிய மூன்று இலக்க எண் எது? 047 என்று எழுதத் தோன்றும், சரியான விடை 407. பணத்தில் சவால்: 12 ரூபாய் பேனா ஒன்று, 15 ரூபாய் நோட்டு ஒன்று வாங்கி 50 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? கூட்டி 27, பிறகு கழித்து 23. இரண்டு படி. மொத்தச் செலவுக்கு ஒரு மார்க், மீதிக்கு ஒரு மார்க். கூட்டலில் சறுக்கினாலும், வந்த தொகையை ஐம்பதில் கழித்திருந்தால் இரண்டாவது மார்க் உண்டு. ஒரே தப்புக்கு இரண்டு தடவை அபராதம் போடக்கூடாது.

கேள்விகள் தயாரானதும் மூன்று வேலை செய்தேன். ஒன்று, பேப்பரை ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து, விடை வேண்டாம், ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படி என்றேன். எங்கே தடுக்கினானோ அந்த வார்த்தையை மாற்றினேன். இரண்டு, எல்லா விடையையும் நானே கையால் எழுதி நேரம் பார்த்தேன். 14 நிமிடம். பெரியவர் எடுக்கும் நேரத்தைப் போல நான்கு மடங்கு இந்த வயதுக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். 56 நிமிடம். எனவே தேர்வு ஒரு மணி நேரம்.

மூன்றாவது, வரிசை. செப்டம்பர் பேப்பரில் முதல் கேள்வியே அந்த 9004 தான். அந்தச் சிறுமியின் தாளைப் பார்த்தால், முதல் கேள்வியை நான்கு முறை அழித்து அழித்து எழுதி, பேப்பரே கிழிந்திருந்தது. பாதி நேரம் அங்கேயே போயிருக்கும். அதனால் இந்தத் தடவை முதல் நான்கு கேள்வியும் எளிது. பிறகு எளிதும் நடுத்தரமும் மாறி மாறி. சவால் கேள்விகளை மொத்தமாகக் கடைசியில் குவித்தால் மெதுவாக எழுதும் பிள்ளை அங்கே வந்து சேராது. அதனால் இரண்டை 11, 12 என்று நடுவில் வைத்தேன். மற்ற இரண்டு 17, 18. கடைசி இரண்டும் எளிது. “கஷ்டமா இருந்தா விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க” என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு, பாதி நேரத்தில் இன்னொரு முறை சொன்னேன்.

தேர்வு முடிந்தால் பேப்பர் எடுத்தவர் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. எளிது, சவால் என்று நாம் எழுதி வைத்தது நம் ஊகம்தான். பிள்ளைகள் எழுதிய பிறகுதான் உண்மை தெரியும். ஒரு பெரிய தாளில் பிள்ளைகளின் பெயரை இடப்பக்கமும் கேள்வி எண்களை மேலேயும் எழுதி, சரிக்கு டிக், தப்புக்குக் கோடு. கீழே ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை டிக் என்று கூட்டினேன். பதினான்கு பேரில் பதினொரு பேருக்கு மேல் சரியாகப் போட்டால் அது நிஜமாகவே எளிது. ஆறிலிருந்து பத்து வரை நடுத்தரம். இரண்டிலிருந்து ஐந்து வரை சவால். இது நான் வைத்துக்கொண்ட தோராய எல்லை. பதினான்கு பேர் சின்ன எண்ணிக்கை, அதனால் ஒன்றிரண்டு கூடக் குறைய வந்தால் விட்டுவிடலாம்.

ரவி கேள்வியில் நான்கு பேர் முழுமையாகச் சரி. கீதா கேள்வியில் ஐந்து பேர். எதிர்பார்த்தபடிதான். ஆனால் நடுத்தரம் என்று நான் வைத்த ஒரு கேள்வி என்னை ஏமாற்றியது. கட்டம் போட்டு, “□ − 18 = 25, கட்டத்தில் என்ன வரும்?” என்று கேட்டிருந்தேன். விடை 43. இரண்டே பேர் சரி. ஒன்பது பேர் 7 என்று எழுதியிருந்தார்கள். கழித்தல் குறியைப் பார்த்து 25-இல் 18-ஐக் கழித்துவிட்டார்கள். பிறகு யோசித்தால், வகுப்பில் நான் ஒரு நாள்கூடக் கட்டத்தை முன்னால் போட்டுக் காட்டியதில்லை. விடை எப்போதும் சமக்குறிக்கு வலப்பக்கம்தான் வந்திருக்கிறது. ஒன்பது பேரும் ஒரே தப்பைச் செய்தால், தப்பு என் பாடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஜனவரி முதல் வாரம் இதைத்தான் நடத்தினேன்.

இன்னொரு விஷயமும் அந்தத் தாளில் தெரியும். நன்றாகப் போடும் பிள்ளைகள் தப்பாகவும், தடுமாறும் பிள்ளைகள் சரியாகவும் எழுதிய கேள்வி இருந்தால், பிள்ளையைச் சந்தேகப்படாதீர்கள், கேள்வியைச் சந்தேகப்படுங்கள். எளிது என்று வைத்த ஒரு கேள்வி, “2, 4, __ அடுத்த எண் என்ன?” என் விடைத்தாளில் 6. வகுப்பிலேயே கெட்டிக்காரப் பையன் 8 என்று எழுதியிருந்தான். கேட்டேன். “இரண்டு மடங்கு, இரண்டு மடங்கு, தாத்தா” என்றான். அவன் சொல்வதும் சரி. இரண்டு எண் மட்டும் கொடுத்தால் 6-ம் வரும், 8-ம் வரும். 2, 4, 6, __ என்று கேட்டிருக்க வேண்டும். அவனுக்கு முழு மார்க் போட்டேன்.

கடைசியாக, மார்க்கைச் சொல்லும் விதம். மொத்தத்தை மட்டும் சொன்னால் நாம் பிரித்து வைத்ததற்கு அர்த்தமே இல்லை. மூன்றாகவே எழுதிக் கொடுத்தேன். அந்தச் சிறுமிக்கு: எளிது 20-க்கு 18, நடுத்தரம் 12-க்கு 4, சவால் 8-க்கு 2. மொத்தம் 24. சவாலில் அவள் சரியாகப் போட்டது பேனாவும் நோட்டும் வாங்கும் கணக்கு.

அவள் அம்மாவிடம் சொன்னேன்: “இந்தப் பருவத்துல அடிப்படைன்னு சொல்லிக் கொடுத்தது கிட்டத்தட்ட எல்லாமே வந்திருக்கும்மா. கடன் வாங்கிக் கழிக்கறது, பெருக்கல், இந்த ரெண்டுலதான் இன்னும் பழக்கம் வேணும்.” அவர் தாளை வாங்கி, எழுத்தைப் படிக்காமல் டிக் அடித்த இடங்களை மட்டும் விரலால் எண்ணிப் பார்த்தார். பிறகு, “அந்த ரெண்டை வீட்டுல யார் சொல்லிக் கொடுக்கறது சார்?” என்று கேட்டார். செப்டம்பரில் அவர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, ஏனென்றால் நான் கொடுத்த 9 என்ற எண்ணில் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. புதன்கிழமை மாலையும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம் என்றேன். வருகிறாள்.

ஒரே ஒரு தேர்வை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை எடைபோட முடியாது. செப்டம்பரில் 9, டிசம்பரில் 24 என்பதை வளர்ச்சி என்றும் நான் சொல்ல மாட்டேன். பேப்பரே வேறு. இரண்டில் எது அவளுக்குத் தெரிந்ததைக் கேட்டது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

மூன்றாம் பருவத் தேர்வு ஏப்ரலில் வருகிறது. கட்டம் இப்போதே போட்டு சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். எனக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நான் எழுதும் கேள்விகளைப் படித்து, எட்டு வயதுக்குப் புரியாத வார்த்தையைச் சிவப்பு மையில் சுழிக்க வேண்டும். இன்னொருவர் என் விடைகளைப் பார்க்காமல் தானே எல்லாவற்றையும் போட்டு, எங்கே இரண்டு விடை வருகிறது என்று சொல்ல வேண்டும். வங்கியில் ஒருவர் எழுதிய வவுச்சரை அவரே பாஸ் பண்ண முடியாது. கேள்வித்தாளுக்கும் அந்த விதி வேண்டும் என்று தோன்றுகிறது. மார்ச் கடைசி வாரத்துக்குள் பெயர் கொடுத்தால் போதும்.